நம் ஊர் வானத்துக்கு நட்சத்திர வரைபடம் வாசிப்பது எப்படி: 10 டிகிரி அட்சரேகைக்கான முழு வழிகாட்டி

இணையத்தில் தேடி எடுக்கும் நட்சத்திர வரைபடங்களில் பெரும்பாலானவை 40 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருப்பவர்களுக்காக வரைந்தவை. நியூயார்க், மாட்ரிட் பக்கம் இருப்பவர்களுக்கு அது சரி. அதே தாளை மதுரையில் மொட்டை மாடிக்கு எடுத்துப் போனால், தாளில் தலைக்கு மேல் போட்டிருக்கும் கூட்டம் வடக்கே சரிந்து கிடக்கும், தெற்கே பளிச்சென்று நிற்கும் நட்சத்திரங்கள் தாளிலேயே இருக்காது. பலரும் இந்த இடத்தில்தான் "எனக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள். குறை அவர்கள் கண்ணில் இல்லை, தாள் வேறு ஊருக்கானது.

மதுரையை வைத்தே சொல்கிறேன், ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்படியே பொருந்தும், சென்னைக்கு 13 டிகிரி, 3 டிகிரி வித்தியாசம் வெறுங்கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. தொலைநோக்கி வேண்டாம். தாள், சிவப்பு வெளிச்சம் (டார்ச்சின் மேல் சிவப்பு கண்ணாடிக் காகிதம் சுற்றினால் போதும்), இருட்டில் கண் பழக ஓர் இருபது நிமிடம், இவ்வளவுதான்.

முதலில் அட்சரேகை

உங்கள் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து அத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும். மதுரையில் 10 டிகிரிதான். அதாவது கிட்டத்தட்ட தரையோடு தரையாக. அது அப்படியொன்றும் பிரகாசமான நட்சத்திரமும் இல்லை, அடிவானத் தூசியும் ஊர் வெளிச்சமும் சேர்ந்தால் பல நாள் கண்ணுக்கே அகப்படாது. ஆகவே "முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி" என்று தொடங்கும் வெளிநாட்டு வழிகாட்டிகளை ஓரமாக வைத்துவிடுங்கள். நமக்கு வடக்கு தெரிய போன் காம்பஸ் போதும்.

வடக்கில் இழந்ததற்குப் பதில் தெற்கில் நமக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறது. பூமியில் அட்சரேகை இருப்பது போலவே வானத்திலும் ஓர் அளவு உண்டு, அதற்குப் பெயர் டெக்லினேஷன். வானத்தின் நடுக்கோட்டில் இருக்கும் நட்சத்திரத்துக்கு 0, வடக்கே போகப் போக +90 வரை, தெற்கே −90 வரை. வரைபடத்தில் கிடைக்கோடுகளாகவோ வட்டங்களாகவோ போட்டிருப்பார்கள். ஒரு நட்சத்திரம் உங்கள் ஊரில் அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை ஒரே கணக்கில் சொல்லிவிடலாம்:

உயரம் = 90 − (அட்சரேகைக்கும் டெக்லினேஷனுக்கும் இடையிலான வித்தியாசம்)

அகத்தியர் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம், அதாவது கனோப்பஸ், வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். அதன் டெக்லினேஷன் −53. மதுரை +10. இரண்டுக்கும் வித்தியாசம் 63. 90-ல் 63 போனால் 27. ஆக, தெற்கே 27 டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கும். இதையே 40 டிகிரி ஊருக்குப் போட்டால் வித்தியாசம் 93, விடை −3. அங்கே அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, அதனால்தான் அவர்கள் வரைபடத்தில் அது கிடையாது. விடை 10-க்குக் கீழே வந்தால் நடைமுறையில் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெக்லினேஷன் ஏறத்தாழ +10 உள்ள நட்சத்திரங்கள் நம் தலைக்கு நேர் மேலே போகும்.

எந்த வரைபடம்

மூன்று வழி இருக்கிறது. `Stellarium` என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, `F6` அழுத்தி ஊரைக் கொடுத்து, `F5` அழுத்தித் தேதியையும் இரவு 9 மணியையும் கொடுத்து, `C` அழுத்தினால் கூட்டங்களின் கோடுகள் வந்துவிடும். உங்கள் ஊர், உங்கள் நேரம், வேறு எந்தக் குழப்பமும் இல்லை. வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டு மாடிக்குப் போவது நல்ல பழக்கம். மாடியில் போன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் இருட்டுக்குப் பழகாது.

இரண்டாவது, மாதாந்திர முழுவானத் தாள். `The Evening Sky Map` என்று மாதாமாதம் வெளிவருவதில் நிலநடுக்கோட்டுப் பகுதிக்கென்று தனிப் பதிப்பு உண்டு. வடகோளப் பதிப்பை எடுத்துவிடாதீர்கள், நிலநடுக்கோட்டுப் பதிப்பு (`Equatorial Edition`) என்று பார்த்து எடுங்கள்.

மூன்றாவது, கையில் சுழற்றும் அட்டை வட்டு, பிளானிஸ்பியர் என்பார்கள். ஆசையாக வாங்கத் தோன்றும், ஆனால் நம் அட்சரேகைக்கு அது அவ்வளவாகச் சரிப்படாது என்பது என் கருத்து. அந்த வட்டின் மையம் துருவ நட்சத்திரம். மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக படம் இழுபட்டுக்கொண்டே போகும். 50 டிகிரி ஊர்க்காரருக்கு மையம் நல்ல உயரத்தில் இருப்பதால் சமாளிக்கலாம். நமக்கோ வானத்தில் கிட்டத்தட்ட பாதி, வட்டின் ஓரத்துப் பக்கம் வந்துவிடும். விருச்சிகத்தின் வால் பக்கவாட்டில் விரிந்து தேளே இல்லாத மாதிரி ஆகிவிடும், தென்சிலுவை தட்டையாகிவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டால் எந்த மாதம் எது தெரியும் என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், உருவத்தை அதை வைத்துத் தேடாதீர்கள்.

தாளைப் பிடிக்கும் விதம்

முழுவானத் தாள் வட்டமாக இருக்கும். வட்டத்தின் விளிம்புதான் அடிவானம், சுற்றிலும் நான்கு திசை. வட்டத்தின் நடுப்புள்ளி உங்கள் தலைக்கு நேர் மேல். இதை மனசில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் தடவை பார்ப்பவர்கள் திடுக்கிடுவது கிழக்கும் மேற்கும் மாறிக் கிடப்பதைப் பார்த்துத்தான். வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் கிழக்கு இடதுபக்கம் இருக்கும். அச்சுப் பிழை இல்லை. ஊர் வரைபடத்தைக் குனிந்து பார்க்கிறோம், வான வரைபடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். தாளைத் தலைக்கு மேலே தூக்கி, எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்து, வடக்கை வடக்குப் பக்கம் திருப்புங்கள், கிழக்கு சரியாகக் கிழக்கில் போய் உட்காரும்.

எப்போதும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே நிற்க முடியாது. அதனால் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்களோ அந்தத் திசையின் எழுத்து கீழே வரும்படி தாளைச் சுழற்றி, நெஞ்சுக்கு நேரே பிடியுங்கள். தெற்கே பார்த்தால் 'தெ' கீழே. இப்போது தாளின் கீழ்விளிம்பு உங்கள் எதிரே உள்ள அடிவானம், அங்கிருந்து நடுப்புள்ளி வரை உள்ளதுதான் உங்கள் முன்னால் தெரியும் வானம். மற்ற முக்கால் பாகத்தை மறந்துவிடுங்கள். கிழக்கே திரும்பினால் தாளையும் திருப்ப வேண்டும், இதைச் செய்யாமல் உடம்பை மட்டும் திருப்புகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் எல்லாமே சாய்ந்து தெரிகிறது என்பார்கள்.

புள்ளிகளின் அளவு பிரகாசத்தைக் காட்டும், பெரிய புள்ளி என்றால் பிரகாசமானது. அளவெண் தலைகீழாக ஓடும்: எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். சிரியஸ் −1.5, துருவ நட்சத்திரம் 2. நகரத்து மாடியில் எண் 3 வரை தெரிந்தாலே பெரிய விஷயம், எனவே தாளில் இருக்கும் சின்னப் புள்ளிகளை முதல் சில மாதம் கண்டுகொள்ளாதீர்கள். புள்ளிக்கோடாக ஒரு வளைவு தாளைக் குறுக்கே கடந்து போகும், அது சூரியன் போகும் பாதை. நிலவும் கோள்களும் அதை ஒட்டியே நடமாடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அளவு தெரியாமல் தேடக் கூடாது

இன்னொரு பெரிய தடுமாற்றம் அளவில் வரும். தாளில் இரண்டு விரல் அகலத்தில் இருக்கும் சப்தரிஷி மண்டலத்தை வானத்திலும் அதே அளவில் தேடுவார்கள். நிஜத்தில் அது 25 டிகிரி நீளம். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அப்படியானால் சப்தரிஷி மண்டலம் இரண்டரை முஷ்டி நீளம். சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி. குழந்தைக்குக் கையும் சின்னது, கை நீளமும் குறைவு, அதனால் அவர்களுக்கும் இதே கணக்குதான்.

அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டி வைத்து அடுக்கிக்கொண்டே போனால் ஒன்பதாவது முஷ்டியில் தலை உச்சி வர வேண்டும். வரவில்லையென்றால் கையைச் சரியாக நீட்டவில்லை. இதைப் பகலிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள். வெறும் கண்மதிப்பில் 30 டிகிரி உயரத்தை எல்லோரும் 45 என்று சொல்வார்கள், அடிவானத்துக்குப் பக்கத்தில் எல்லாமே பெரிதாகத் தெரிவது கண்ணின் வழக்கம்.

நேரமும் மாதமும்

இன்று இரவு 9 மணிக்கு ஒரு நட்சத்திரம் எங்கே இருக்கிறதோ, நாளை அதே இடத்துக்கு 4 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஒரு மாதத்துக்கு இது 2 மணி நேரம் ஆகிறது. வருடம் முழுக்க வானம் மாறுவதன் முழு ரகசியமும் இந்த ஒரு வரிதான். பிப்ரவரி 15 இரவு 9 மணி வானமும், ஜனவரி 15 இரவு 11 மணி வானமும், மார்ச் 15 மாலை 7 மணி வானமும் ஒன்றே. ஒரு மாதத் தாளை வைத்து மூன்று மாதம் ஓட்டலாம் என்பது இதன் உபயோகம்.

டெக்லினேஷன் மாதிரியே இன்னொரு எண் தாளில் இருக்கும், ரைட் அசென்ஷன், 0 முதல் 24 மணி வரை. இது நட்சத்திரத்தின் கிழக்கு மேற்கு முகவரி. இந்த எண்ணைப் பார்த்தாலே அந்த நட்சத்திரம் எந்த மாதம் இரவு 9 மணிக்கு உச்சிக்கோட்டுக்கு (வடக்கிலிருந்து தலை உச்சி வழியாகத் தெற்கே போகும் கோடு) வரும் என்று சொல்லிவிடலாம். மார்ச் 21 இரவு 9 மணிக்கு உச்சிக்கோட்டில் இருப்பது 9 மணி எண். அதை மட்டும் நினைவில் வையுங்கள், மார்ச்சும் ஒன்பதும். பிறகு மாதத்துக்கு 2 கூட்டிக்கொண்டே போங்கள்: ஏப்ரல் 21-க்கு 11, மே 21-க்கு 13, ஜூன் 21-க்கு 15, இப்படியே செப்டம்பரில் 21, டிசம்பரில் 3.

சின்னத் திருத்தம் ஒன்று. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, மதுரை 78-ல் இருக்கிறது. அதனால் தாளில் 9 மணி என்று போட்டிருப்பது மதுரையில் 9.17 அல்லது 9.18-க்குத்தான் சரியாக வரும். சென்னைக்கு 9 நிமிடம். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

தொடக்கம்: ஜனவரி கடைசி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் நேரம் இது. ஓரியன், அதாவது வேட்டைக்காரன், ரைட் அசென்ஷன் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே, ஆக ஜனவரி இறுதியில் 9 மணிக்கு உச்சிக்கோட்டில். அவன் இடுப்பில் வரிசையாக இருக்கும் மூன்று நட்சத்திரங்களின் டெக்லினேஷன் −1, நமக்கு 79 டிகிரி உயரம், கிட்டத்தட்ட தலை உச்சி. தெற்கே பார்த்து நின்று கழுத்தை நன்றாக நிமிர்த்த வேண்டும், பாய் விரித்துப் படுத்துக்கொள்வது உத்தமம்.

தாளில் ஓரியன் எப்போதும் நிமிர்ந்து நிற்பான். டிசம்பரில் இரவு எட்டு மணி வாக்கில் கிழக்கே பார்த்தால் அவன் நம் ஊரில் நிற்க மாட்டான், ஒருக்களித்துப் படுத்திருப்பான்: திருவாதிரை (செம்மஞ்சளாக இருப்பது, பீட்டல்ஜூஸ்) இடதுபக்கம், வெள்ளையாக ரைஜல் வலதுபக்கம், நடுவே மூன்றும் ஏணிப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக. பிப்ரவரி, மார்ச்சில் மேற்கே சாயும்போது மறுபக்கமாகப் படுப்பான். நட்சத்திரங்கள் நம் அட்சரேகையில் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாக எழும்பி, செங்குத்தாகவே இறங்குகின்றன, அதனால் வரும் வித்தியாசம் இது. எந்தக் கூட்டத்தைக் கிழக்கில் தேடினாலும் தாளைக் கால் வட்டம் சுழற்றிப் பாருங்கள்.

மூன்று நட்சத்திரங்களின் கோட்டைத் தென்கிழக்கே இரண்டு முஷ்டி நீட்டினால் சிரியஸ், சந்தேகமே வராது, வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. எதிர்ப்பக்கம் வடமேற்கே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகை, கண்ணுக்குச் சின்னக் கொத்தாகத் தெரியும். சிரியஸுக்கு நேர் கீழே, மூன்றரை முஷ்டி தெற்கே, நாம் கணக்குப் போட்ட அகத்தியர். ஒரே இரவில் ஐந்து இடம் தெரிந்தாகிவிட்டது. வேறு எதையும் அன்றைக்குத் தேடாதீர்கள்.

மே நடுவில் ஓர் இரவு: வடக்கிலிருந்து தெற்கு வரை

நம் அட்சரேகையின் உண்மையான அனுகூலம் மே மாதத்தில்தான் தெரியும். சப்தரிஷி மண்டலமும் தென்சிலுவையும் (திரிசங்கு என்றும் சொல்வார்கள்) ஒரே நேரத்தில், ஒன்று வடக்கே ஒன்று தெற்கே, நல்ல உயரத்தில் நிற்கும். இரண்டின் ரைட் அசென்ஷனும் 12-ஐ ஒட்டி இருப்பதுதான் காரணம். லண்டன்காரருக்குச் சிலுவை கிடையாது, சிட்னிக்காரருக்குச் சப்தரிஷி கிடையாது.

மே 14 வாக்கில் இரவு ஒன்பதேகாலுக்கு, தெற்கு அடிவானம் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். முதலில் வடக்கே திரும்புங்கள், தாளில் 'வ' கீழே. நான்கைந்து முஷ்டி உயரத்தில் ஏழு நட்சத்திரம், தலைகீழாகக் கவிழ்த்த கரண்டி. கிண்ணம் இடதுபக்கம், கைப்பிடி வலதுபக்கம். தாளில் அகலத் திறந்த கிண்ணமாகப் பார்த்துப் பழகியிருந்தால் கவிழ்ந்து கிடப்பதைக் கண் ஒப்புக்கொள்ளாது, தாளைத் திருப்பிப் பிடித்தீர்களா என்று பாருங்கள். கிண்ணத்தின் இடதுகோடியில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு கீழே மூன்று முஷ்டி இறக்கினால், ஓரளவு தெளிவான அடிவானம் இருந்தால், தனியாக மங்கலாக ஒன்று. அதுதான் துருவம். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மேலே போவோம். கைப்பிடியின் நடு நட்சத்திரத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒட்டினாற்போல் இன்னொன்று தெரியும், கல்யாணத்தில் காட்டும் அருந்ததி அதுதான்.

இப்போது கைப்பிடியின் வளைவை விட்டுவிடாமல் அதே வளைவில் மேலே, வலப்பக்கமாக மூன்று முஷ்டி கொண்டுபோங்கள். லேசான ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. அதே வளைவில் இன்னும் மூன்று முஷ்டி போனால் சித்திரை, வெள்ளை. இதற்குள் நீங்கள் வடக்கிலிருந்து கிழக்கு வழியாகத் தெற்கே திரும்பியிருப்பீர்கள், தாளும் கூடவே திரும்பியிருக்க வேண்டும், இப்போது 'தெ' கீழே. சித்திரை ஆறரை முஷ்டி உயரத்தில்.

சித்திரையிலிருந்து வலதுபக்கம் கொஞ்சம் கீழாக ஒன்றரை முஷ்டி தள்ளி நான்கு நட்சத்திரம், ஒரு பக்கம் நசுங்கிய கட்டம். அஸ்தம். அதன் மேல் விளிம்புக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் திரும்ப சித்திரைக்கே வரும், அப்படி வந்தால்தான் அது அஸ்தம். அஸ்தத்திலிருந்து நேராகக் கீழே நான்கு முஷ்டி இறங்குங்கள், அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை. எல்லோரும் நினைப்பதைவிடச் சின்னது, முஷ்டியில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அடிநட்சத்திரம் 17 டிகிரி உயரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் தொட்டி மறைத்துவிடும் உயரம் அது. இடதுபக்கம், சற்றுக் கீழே, ஒரு முஷ்டி தள்ளி இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அருகருகே இருந்தால் பார்த்தது சிலுவைதான். அந்த இரண்டில் சிலுவைக்குத் தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி.

ஏன் அந்த இரண்டை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்னொரு சிலுவை இருக்கிறது. பொய்ச் சிலுவை. மார்ச் கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கே பார்த்தால் நான்கு நட்சத்திரம் சிலுவையாக உச்சிக்கோட்டில் நிற்கும், அதே இரண்டு முஷ்டி உயரத்தில், பார்த்த உடனே "கிடைத்துவிட்டது" என்று தோன்றும். டெக்லினேஷன் ஏறத்தாழ அதுவும் இதுவும் ஒன்றாக இருப்பதால் உயரத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. அளவை வையுங்கள்: பொய்ச் சிலுவை பெரிது, நான்கும் ஏறத்தாழ ஒரே மங்கல். நிஜச் சிலுவை சின்னது, பளிச்சென்று இருக்கும், பக்கவாட்டில் ஐந்தாவதாக மங்கலான ஒன்று ஒட்டியிருக்கும், இடதுபக்கம் காவல் மாதிரி அந்த இரண்டும் நிற்கும். மே நடுவில் பார்க்கும்போது பொய்யது தென்மேற்கில் அடிவானத்துக்கு இறங்கியிருக்கும்.

ஜூலை முதல் செப்டம்பர்

இது சுலபம். ஜூலை நடுவில் தெற்கே ஐந்தரை முஷ்டி உயரத்தில் சிவப்பாக கேட்டை, அன்டாரெஸ். அதை நடுவில் வைத்து விருச்சிகம் முழுசாக, கொடுக்கிலிருந்து சுருண்ட வால் வரை, பெயருக்கு ஏற்ற உருவம் என்று எந்த விளக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடிய ஒரே கூட்டம் என்பேன். வால் நுனியில் மூலம். லண்டனில் கேட்டை 12 டிகிரிதான் ஏறும், வால் அடிவானத்தில் புதைந்துவிடும். செப்டம்பரில் தலைக்கு மேலும் வடக்கிலுமாக ஒரு பெரிய முக்கோணம், திருவோணம், அபிஜித் (வேகா), டெனப். மேற்கத்தியப் புத்தகங்களில் கோடை முக்கோணம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஏப்ரல், மே மாலையில் தேடாதீர்கள், அது அவர்களுடைய கோடை.

அக்டோபர், நவம்பர்: மழைக்காலத்தை என்ன செய்வது

பெகாசஸ் சதுரம் 9 மணிக்கு உச்சிக்கு வருவது நவம்பர் தொடக்கத்தில். அப்போது நம் பக்கம் வானம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இங்கேதான் மாதத்துக்கு 2 மணி நேரக் கணக்கு கைகொடுக்கிறது. நவம்பர் 5 இரவு 9 மணி வானம், மூன்று மாதம் பின்னால் போனால் ஆறு மணி நேரம் தள்ளி, ஆகஸ்ட் 5-ஐ ஒட்டி அதிகாலை 3 மணிக்குக் கிடைக்கும். எழுந்திருக்க மனசில்லையா, முன்னால் போங்கள்: டிசம்பர் 10 வாக்கில், மழை விட்ட ஒரு நாளில், மாலை 7 மணிக்கே சதுரம் உச்சிக்கோட்டை இப்போதுதான் தாண்டியிருக்கும்.

அதன் நடுவின் டெக்லினேஷன் +22, ஆக தலை உச்சிக்கு ஒரு முஷ்டி வடக்கே. பக்கம் ஒவ்வொன்றும் ஒன்றரை முஷ்டி, நான்கு மூலையும் சுமாரான வெளிச்சம், உள்ளே காலி. மேற்குப் பக்கத்து இரண்டும் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. அதே நேரம் வடக்கே திரும்பினால் நான்கு முஷ்டி உயரத்தில் காசியோபியா. தாள்களில் 'W' என்று போட்டிருப்பது அங்கே 'M' ஆக நிற்கும். சப்தரிஷி அந்த மாலையில் அடிவானத்துக்குக் கீழே, தேடிப் பயனில்லை.

நாட்காட்டி காட்டும் நட்சத்திரம்

நம்மிடம் இருக்கும் ஒரு வசதி வேறு பலருக்கு இல்லை: சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். அதில் போட்டிருக்கும் நட்சத்திரம் என்பது அன்று நிலவு நிற்கும் இடம். 'ரோகிணி மாலை 6.42 வரை, பின்பு மிருகசீரிடம்' என்று இருந்தால், அந்த மாலை நிலவு ரோகிணிப் பகுதியை முடித்துக்கொண்டு நகர்கிறது என்று பொருள். நிலவு ஒரு நாளைக்கு 13 டிகிரி கிழக்கே போகும், ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள், நீங்கள் மாடி ஏறும் நேரத்துக்கு எது நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் 27-க்கும் இது வேலை செய்யாது. பாதையை ஒட்டிய பிரகாசமானவற்றுக்கு மட்டும் நம்பலாம்: கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை. மகம் சூரியப் பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது, நிலவு அதை ஒட்டியே போகும். கேட்டையும் உண்டு, ஆனால் நிலவு அன்டாரெஸைத் தாண்டுவது அனுஷம் முடிந்து கேட்டை தொடங்கும் சந்தியில். சுவாதிக்கும் திருவோணத்துக்கும் இதை முயல வேண்டாம், இரண்டும் பாதைக்கு வடக்கே மூன்று முஷ்டி தள்ளி இருக்கின்றன, காலண்டர் சுவாதி என்று சொல்லும் இரவில் நிலவின் பக்கத்தில் சுவாதியைத் தேடினால் ஏமாற்றம்தான். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவு வெளிச்சம் பக்கத்து நட்சத்திரங்களை விழுங்கிவிடும், வளர்பிறை நாட்களே தோது.

தாளில் இல்லாத நட்சத்திரம்

எல்லாம் சரியாகப் பொருந்தி வந்து, ஒரே ஒரு பிரகாசமான புள்ளி மட்டும் தாளில் இல்லாமல் வானத்தில் இருந்தால், அது பெரும்பாலும் கோள். இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நிரந்தரத் தாளில் அவற்றைப் போட முடியாது. அந்தப் புள்ளி தாளில் உள்ள சூரியப் பாதைக் கோட்டிலிருந்து ஒரு முஷ்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோள் இல்லை, நீங்கள்தான் வேறு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இருந்தால், அது மினுக்காமல் நிதானமாக எரிகிறதா என்று கவனியுங்கள். ரொம்பத் தாழ்வாக இருந்தால் கோளும் மினுக்கும், அதனால் மூன்று முஷ்டிக்கு மேல் ஏறிய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னும் சந்தேகமாக இருந்தால் பக்கத்து இரண்டு நட்சத்திரங்களோடு சேர்த்து அதன் இடத்தைத் தாளில் பென்சிலால் குறித்து, இரண்டு வாரம் கழித்து அதே தாளோடு வாருங்கள். செவ்வாயோ வெள்ளியோ என்றால் பென்சில் புள்ளியை விட்டுத் தெளிவாக நகர்ந்திருக்கும். வியாழனும் சனியும் மெதுவானவை, அவற்றுக்கு ஒன்றிரண்டு மாதம் கொடுக்க வேண்டும்.